காலிக் குடமா, நிறைகுடமா?

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. வள்ளூரிலோ, எண்ணூரிலோ, திருவொற்றியூரிலோ ஏதாவது ஒரு தெருக்கோடியில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு கஜ தூரத்தில் ஒரு பெண் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு போகிறாள். குடத்துக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது அங்கிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், "நிறைகுடம்தான் கொண்டு போகிறாள்" என்று நீங்கள் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். தவறவும் மாட்டீர்கள்.

எப்படிச் சொன்னீர்கள்? குடத்தைப் பார்த்தா? இல்லவே இல்லை. காலிக் குடமும் நிறைகுடமும் பார்வைக்கு ஒன்றுதான். நீங்கள் பார்த்தது அந்தப் பெண்ணை. அவளுடைய தோள், இடுப்பு, வீசிய கை, கால் வைத்த விதம் இவையெல்லாம் சேர்ந்து குடத்தின் எடையை உங்களுக்குச் சொல்லிவிட்டன.

இந்த ரகசியம்தான் சித்திரங்களுக்கு உயிர் கொடுத்து ஆட்டி வைக்கும் கலைஞர்களின் முழு மூலதனம். நம் வீட்டுக் குழந்தைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்களே, அந்தக் கார்ட்டூன் படங்களைச் சொல்கிறேன். காகிதத்தில் வரைந்த குடத்துக்கு எடை ஏது? கணிப்பொறியில் செய்த பொம்மைக்கும் எடை கிடையாது. மலையானாலும் சரி, மயிலிறகானாலும் சரி, கணிப்பொறிக்கு இரண்டும் ஒன்றே. எங்கே வைத்தாலும் அங்கே நிற்கும். எப்படித் தூக்கினாலும் வரும். ஆகையால் எடை என்ற பொய்யை, தூக்குகிற உடம்பின் வழியாக மட்டுமே கலைஞன் மெய்யாக்க முடியும்.

அட்டைப் பாறையும் அசல் பாறையும்

பழைய புராணப் படங்களில் பலசாலி ஒருவர் பெரிய பாறையைத் தூக்கி எதிரியின் மேல் எறிவார். பார்க்கிற நமக்குப் பயம் வராது, சிரிப்புத்தான் வரும். அது அட்டைப் பாறை என்று மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் நடிகர் பல்லைக் கடித்திருப்பார், கண்ணை உருட்டியிருப்பார், நெற்றியில் வியர்வைகூட வைத்திருப்பார்கள். முகம் கஷ்டப்பட்டது, உடம்பு கஷ்டப்படவில்லை. அங்கேதான் குட்டு உடைந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சென்னைக் கலைக் கல்லூரியின் தலைவராக நெடுங்காலம் இருந்த சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கப் போராடுகிறார்கள். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது பாறையைக் கையால் மறைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் பாருங்கள். பாறை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அசையாப் பாறை என்பது தெரியும். உடம்புகள் கால் ஊன்றி முழுதாகச் சாய்ந்திருக்கின்றன. பாறை சட்டென்று மறைந்து போனால் அவர்கள் நிற்க முடியாது, குப்புற விழுவார்கள் என்று தோன்றும். எடைக்கு இதுதான் உரைகல். சுமையை நீக்கினால் சுமக்கிறவன் நிலை தடுமாற வேண்டும். தடுமாறாமல் அப்படியே நிற்பான் என்றால், அவன் தூக்கியது அட்டைப் பாறைதான்.

சிலைக்கு ஒரே ஒரு நிலை போதும். சித்திரப் படத்துக்கோ ஒரு நொடிக்கு 24 படங்கள் வேண்டும். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு தடவை படம் பிடித்து, நொடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களோடு சமாளித்துக்கொள்வார்கள். இந்த வித்தையை நம் நாட்டில் முறையாகச் சொல்லிக் கொடுக்க வால்ட் டிஸ்னியிடம் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்பவர் 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்தார். அங்கே உருவாகி 1957-இல் வெளிவந்த 'பேனியன் டீர்' என்ற ஜாதகக் கதைப் படம் இந்தியச் சித்திரப் படங்களில் முன்னோடி. இன்றைக்குக் காகிதம் போய்க் கணிப்பொறி வந்துவிட்டது. ஆனால் எடையைக் காட்டும் சூத்திரம் மாறவில்லை. அதை நம் குடத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

தராசுக் கணக்கு

முதலில் நிற்கிற நிலை. நம் பெண்ணின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குடத்தில் 15 லிட்டர் தண்ணீர். அதாவது 15 கிலோ. குடத்தின் எடையை விட்டுவிடுவோம். குடம் அவளுடைய இடது இடுப்பில் இருக்கிறது. உடம்பின் நட்டநடுக் கோட்டிலிருந்து குடத்தின் நடுப்பகுதி சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்.

அவள் விறைப்பாக, நேராக நின்றால் என்ன ஆகும்? உடம்பும் குடமும் சேர்ந்த மொத்த எடையின் மையம் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் இடது பக்கம் நகர்ந்துவிடும். மூன்று விரற்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவுதானா?" என்பீர்கள். காலைச் சேர்த்து நிற்கிறவளுக்கு இதுவே அதிகம். நடக்கும்போதோ ஒரு பாதம்தான் தரையில் இருக்கும். பாதத்தின் அகலமே நான்கைந்து விரற்கடைதான். ஆகவே உடம்பு தானாகவே ஒரு காரியம் செய்கிறது. மேலுடம்பை வலது பக்கம் சாய்த்து மையத்தைப் பாதத்துக்கு மேலே மீட்டுக்கொள்கிறது.

எவ்வளவு சாய வேண்டும்? மனித எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடுப்புக்கு மேலே இருக்கிறது. நம் பெண்ணுக்கு அது 33 கிலோ. இந்த 33 கிலோ ஒரு தட்டு; 15 கிலோ குடம் இன்னொரு தட்டு. கணக்குப் போட்டால், மேலுடம்பின் நடுப்பகுதி சுமார் 11 சென்டிமீட்டர் வலது பக்கம் போக வேண்டும். அரைச் சாண்! அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சாய்வு. போதாக்குறைக்கு, குடம் உட்கார மேடை போட்டுக் கொடுப்பதுபோல அவள் இடது இடுப்பை வெளியே பிதுக்குகிறாள். அதற்கும் ஈடுகட்ட மேலுடம்பு இன்னும் சற்றுச் சாய வேண்டியதுதான்.

வலது கையை ஏன் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறாள் என்று இப்போது புரிகிறதல்லவா? நளினத்துக்காக அல்ல. நீட்டிய கை தராசுத் தட்டில் போட்ட சிறு படிக்கல். நம் கணக்கின்படி அந்தக் கை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேலையைச் செய்துவிடுகிறது. மீதியை முதுகு வளைந்து செய்கிறது.

புதிதாகத் தொழில் கற்கும் சித்திரக்காரர் செய்யும் முதல் பிழை இங்கேதான். நேராக நிற்கும் ஒரு பெண்ணை வரைந்து, இடுப்பில் ஒரு குடத்தை ஒட்டவைத்து விடுவார். குடம் அழகாக இருக்கும். பெண்ணும் அழகாக இருப்பாள். ஆனால் குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது! பிழையைக் கண்டுபிடிக்க உழைப்பாளர் சிலையில் செய்த சோதனையே போதும். குடத்தை விரலால் மறையுங்கள். மீதி இருக்கும் பெண் சும்மா நிற்பது போலத் தோன்றினால் குடம் காலி.

தூக்குகிற மூன்று நொடி

இனி அசைவுக்கு வருவோம். தரையில் நிறைகுடம் இருக்கிறது. அதைத் தூக்கி இடுப்பில் வைக்க வேண்டும். காலிக் குடமானால் ஒரு நொடிகூட ஆகாது. வருவாள், குனிவாள், கழுத்தைப் பிடிப்பாள், இடுப்பில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவாள். எல்லாம் ஒரே வீச்சில் நடந்துவிடும். நிறைகுடத்துக்கோ மூன்று நொடி வேண்டும். மூன்று நொடி என்றால் எழுபத்திரண்டு படங்கள். அவற்றை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் பதினாறு படங்களில் அவள் குடத்தைத் தொடவே மாட்டாள். கிட்டே போய், குடம் தன் இரு கால்களுக்கும் நடுவில் வரும்படி நிற்பாள். ஒரு காலைச் சற்று முன்னால் வைத்துக்கொள்வாள். தூரத்தில் நின்று கையை நீட்டித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று உடம்புக்குத் தெரியும். சுமைக்குக் கொடுக்கும் மரியாதை இது. இதைக் காட்டினாலே, "இது லேசான சாமான் அல்ல" என்று பார்க்கிறவர் மனம் தயாராகிவிடும்.

அடுத்த பத்துப் படங்களில் முழங்கால் மடங்கி இடுப்பு இறங்குகிறது. ஒரு கை குடத்தின் கழுத்தைப் பிடிக்கிறது, மற்றது அடியைத் தாங்கப் போகிறது. பிறகு ஆறு படங்கள் பிடியைச் சரி செய்துகொள்ள. குடம் ஒரு நூல் சாயலாம், அவ்வளவுதான்.

இப்போது வருவதுதான் உயிர்நிலை. அவள் எழ ஆரம்பிக்கிறாள், ஆனால் குடம் எழவில்லை! ஆறு படங்கள், அதாவது கால் நொடி, இடுப்பு மேலே போகிறது. முதுகு நிமிரப் பார்க்கிறது. மடங்கியிருந்த கைகள் கயிறு போல நீளுகின்றன. தோள்கள் கீழே இழுபடுகின்றன. குடமோ தரையை விட்டு அசையவில்லை. கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது விளங்கும். கயிற்றின் தொய்வு முழுவதும் போய் விறைத்த பிறகுதானே வாளி கிளம்பும்? உடம்பும் அப்படித்தான். கால், இடுப்பு, முதுகு, தோள், கை என்று வரிசையாக ஒவ்வொன்றின் தொய்வும் போன பிறகு கடைசியாகத்தான் குடம் புறப்படும்.

இந்தக் கால் நொடியைக் கணிப்பொறி தானாகக் கொடுக்காது. குனிந்த நிலை ஒன்று, நிமிர்ந்த நிலை ஒன்று என்று இரண்டை மட்டும் வைத்து, இடையிலுள்ளதை நிரப்பச் சொன்னால், அது கால், முதுகு, கை, குடம் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் கிளப்பி ஒரே கணத்தில் நிறுத்தும். பலன்? நிறைகுடம் பலூனாகிவிடும்! பெண் குடத்தைத் தூக்குகிறாளா, குடம் பெண்ணைத் தூக்குகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். ஆகையால் கலைஞர் உட்கார்ந்து இடுப்பை முன்னால் தள்ளி, குடத்தைப் பின்னால் தள்ளி, ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியே பிரித்து வைக்கிறார்.

அடுத்த பன்னிரண்டு படங்களில் குடம் எழுகிறது. ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. முதல் ஆறு படங்களில் நான்கு விரற்கடை உயர்ந்தால் அதிகம். மீதி ஆறில் முழங்கால் வரை வந்துவிடும். கனமான பொருள் கிளம்பத் தயங்கும், கிளம்பிய பிறகு நிற்கத் தயங்கும். இந்த இரண்டு தயக்கங்களையும் காட்டாவிட்டால் கனம் தெரியாது.

முழங்காலில், அல்லது தொடையில், ஆறு படங்கள் குடத்துக்கு ஓய்வு. நீங்களே எத்தனை தடவை செய்திருப்பீர்கள்! பிடியை மாற்றிக்கொள்ள, ஒரு மூச்சு விட. பிறகு பத்துப் படங்களில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, குடத்தை மேலே ஏற்றுகிறாள். குடம் நேர்கோட்டில் வராது. சற்று வெளியே வளைந்து ஊஞ்சல் போல வந்து உட்காரும்.

கடைசி ஆறேழு படங்கள் மிக முக்கியம். குடம் இடுப்பில் வந்து உட்கார்ந்ததும் உடம்பு முழுவதும் இரண்டு விரற்கடை இறங்கி, பிறகுதான் நிலைக்கு வரும். இறங்கும்போது முழங்கால் மெல்ல மடங்கும். தலை கடைசியாக இறங்கும். நீட்டிய கை அதற்கும் பிறகு அடங்கும். இந்த இறக்கம் இல்லாவிட்டால், இத்தனை நேரம் பட்ட பாடெல்லாம் வீண்.

நடையில் தெரியும் கனம்

வெறுங்கையோடு நடக்கிறவர் ஒரு அடி வைக்கச் சாதாரணமாக அரை நொடி, அதாவது பன்னிரண்டு படங்கள் ஆகும். அதில் இரண்டு பாதங்களும் சேர்ந்து தரையில் இருப்பது இரண்டு, மூன்று படங்களுக்குத்தான். குடம் சுமக்கிறவளுக்கு அடிக்குப் பதினாலு படங்கள் கொடுத்து, அவற்றில் நாலில் இரு பாதங்களையும் தரையில் வையுங்கள். பாதத்தை அதிகம் உயர்த்தாமல், அடியைக் குறுக்கி வையுங்கள். உடனே கனம் வந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு அடியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. குடம் இருக்கும் இடது காலில் நிற்கும்போது, சுமை ஏறக்குறைய அந்தக் காலுக்கு நேர் மேலேயே வந்துவிடும். சாய்வு கொஞ்சம் குறையலாம். வலது காலுக்கு மாறும்போதோ சுமை தள்ளிப் போகிறது. உடம்பு வலப்பக்கம் நன்றாகச் சாய வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வால்தான் குடம் சுமந்து நடப்பவளின் நடை நொண்டியும் நொண்டாமலும் ஒரு தாளம் போடுகிறது. சித்திரக்காரர் ஒரு பக்கத்து அடியை வரைந்து, அதையே கண்ணாடியில் பார்த்தது போல மறுபக்கத்துக்கும் போட்டுவிட்டால் அந்தத் தாளம் செத்துவிடும்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். சித்திரக்காரருக்கும் அந்தப் பழமொழி உதவும். கழுத்து வரை நிறைந்த குடத்தில் தண்ணீர் அசைய இடமில்லை. முக்கால் குடமாக இருந்தால், அவள் நடக்கத் தொடங்கும்போது தண்ணீர் பின்தங்கும். நின்ற பிறகும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தைச் சமாளிக்க இரண்டு மூன்று படங்கள் கழித்து அவள் இடுப்பு ஒரு சிறு பதில் சொல்ல வேண்டும். கல் நிறைந்த கூடைக்கு இந்தப் பதில் தேவையில்லை.

இறக்கி வைக்கும்போது எல்லாம் தலைகீழ். கடைசி நான்கு விரற்கடை தூரத்தை மிக மெதுவாகக் கடக்க வேண்டும். அடியின் ஒரு விளிம்பு முதலில் தரையைத் தொட்டு, பிறகு குடம் முழுவதும் உட்காரும், துள்ளவே துள்ளாது. காலிக் குடம்தான் 'டொக்' என்று துள்ளும். கையை எடுத்த பிறகு அவள் நிமிரும் வேகத்தைப் பாருங்கள். இழுபட்டிருந்த தோள் விடுபட்டு, இயல்பான உயரத்துக்கு ஒரு நூல் மேலே போய், பிறகு இறங்கும். சுமையின் கடைசிச் சாட்சி அதுதான்.

நடிகருக்கு ஒரு நிபந்தனை

"இத்தனை கணக்கு எதற்கு? ஒரு நடிகரை நடக்கவிட்டு அப்படியே பதிவு செய்துகொண்டால் போகிறது!" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. நடிகரின் உடம்பில் ஆங்காங்கே புள்ளிகளை ஒட்டி, அவருடைய அசைவைக் கணிப்பொறிக்குள் கொண்டுபோய்ச் சித்திர பொம்மைக்கு மாட்டிவிடுகிறார்கள். 2014-இல் வெளிவந்த 'கோச்சடையான்' இந்த முறையில் எடுத்த தமிழ்ப்படம்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. புள்ளிகள் பதிவு செய்வது அசைவை மட்டுமே, எடையை அல்ல. நடிகரிடம் காலிப் பெட்டியைக் கொடுத்து, "கனமாக இருப்பது போல நடியுங்கள்" என்றால், அவர் முதுகு சாய வேண்டிய அளவு சாயாது, தோள் இறங்காது, அந்தக் கால் நொடித் தயக்கமும் வராது. வந்தாலும் வேண்டிய இடத்தில் வராது. பதிவானது அட்டைப் பாறைதான். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் நடிகருக்கு மெய்யாகவே கனமுள்ள பொருளைக் கொடுத்துத் தூக்கச் சொல்வார்கள். கையால் ஆட்டுகிறவர்களும் ஒரு வாளி தண்ணீரைத் தாங்களே தூக்கி, அதைப் படம் பிடித்து, ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள்.

அப்படியே பார்த்து எழுதினாலும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிஜத்தில் கால் நொடி நிற்கும் தயக்கம் சித்திரத்தில் சற்றுக் குறைவாகவே தோன்றும். தோலின் அதிர்வு, தசையின் முறுக்கு, மூச்சின் சத்தம் எல்லாம் சித்திரத்தில் வராதே! அதை ஈடுகட்ட அசைவை ஒரு பிடி கூட்டிப் போடுகிறார்கள். ஒரு பிடிதான், மூன்று பிடி போட்டால் பெண் கோமாளி ஆகிவிடுவாள்.

பழகிய உடம்பு மறைக்க முடியாதது

கடைசியாக ஒரு சிக்கல். ராயபுரத்துப் பக்கம் மூட்டை சுமக்கும் தொழிலாளியைப் பாருங்கள். 50 கிலோ சிமெண்டு மூட்டையை அவர் தூக்கும்போது நாம் சொன்ன தயக்கம், ஓய்வு, திணறல் எதுவும் தெரியாது. ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றிவிடுவார். காசிமேட்டில் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று போகும் பெண்களும் அப்படித்தான். அப்படியானால் அவர்கள் சுமை லேசா? நாம் போட்ட கணக்கெல்லாம் பொய்யா?

இல்லை. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழக்கம் நேரத்தைக் குறைக்கும், சாய்வைக் குறைக்காது. மூன்று நொடி வேலையை அவர் ஒன்றரை நொடியில் முடிக்கலாம். முழங்காலில் வைக்கும் ஓய்வை விட்டுவிடலாம். முகத்தைச் சுளிக்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம். ஆனால் வலது தோளில் மூட்டை ஏறினால் உடம்பு இடது பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். தலையில் கூடை ஏறினால் கழுத்து ஒரே கோட்டில் நின்றுதான் ஆக வேண்டும். அடி குறுகித்தான் ஆக வேண்டும். தராசுக் கணக்கை எந்தப் பழக்கமும் ஏமாற்ற முடியாது.

ஆகவே தொழில் தெரிந்த சுமைக்காரரைச் சித்திரிக்கும்போது கலைஞர் திணறலைக் குறைத்து, முன்னேற்பாட்டைத் துல்லியமாக்குகிறார். பாதம் முதல் தடவையே சரியான இடத்தில் விழுகிறது. கை முதல் தடவையே சரியான மூலையைப் பிடிக்கிறது. உடம்பின் சாய்வு சுமை ஏறுவதற்கு ஒரு கணம் முன்பே தயாராகிவிடுகிறது. புதிதாகச் சுமக்கிறவனுக்குச் சுமை ஏறிய பிறகுதான் சாய்வு வரும், அதனால் தடுமாறுவான். எடை ஒன்று, உடம்பு ஒன்று. யார் எத்தனை வருஷம் சுமந்தவர் என்பதுகூட அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடுகிறது.

சித்திரப் படத்தில் பெரும்பாலும் வீரர்கள்தான் மலையைத் தூக்குகிறார்கள். குடம் தூக்கும் பெண் ஓரத்தில், இரண்டு நொடி வந்து போவாள். அந்த இரண்டு நொடிக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று காலிக் குடத்தையே அவள் இடுப்பில் ஒட்டிவிடுவதுதான் வழக்கம். அவள் சுமப்பது பதினைந்து கிலோ. ஒரு நாளைக்குப் பத்து நடை என்றால் நூற்றைம்பது கிலோ. அரைச் சாண் சாய்வும் கால் நொடித் தயக்கமும் விட்டுப் போனால், திரையில் அத்தனை கிலோவும் காணாமல் போகிறது. பார்க்கிற குழந்தைக்கு, அம்மா கொண்டு வரும் தண்ணீர் தானாகவே வீட்டுக்கு வந்தது போலத்தான் தோன்றும்.

உங்கள் வீட்டுக் குழந்தை அடுத்த தடவை கார்ட்டூன் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். யாராவது எதையாவது தூக்கினால் அந்தப் பொருளை விரலால் மறைத்துக் காட்டி, "இது காலியா, கனமா, சொல்லு பார்க்கலாம்!" என்று கேளுங்கள். பிறகு சமையலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். விடை எங்கே இருக்கிறது என்பது அதன் தோளுக்கே தெரிந்துவிடும்.